577/1920 என்று மட்டும் போட்டால் அது அடிக்குறிப்பா?

சுவடிமேசை | ஜூன் 4, காலை

மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலை பற்றியது. அதன் மையமே உடையார்குடிக் கல்வெட்டுதான். முக்கியமான வாக்கியம் ஏறக்குறைய இப்படிப் போகிறது (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்): "கி.பி. 988இல் முதலாம் இராசராசன் வெளியிட்ட ஆணை, சோமன் சாம்பவன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கொலைத் துரோகிகள் எனக் குறிப்பிடுகிறது." அடிக்குறிப்பில் இருப்பது "ஏ.ஆர்.இ. 577/1920", அதாவது கல்வெட்டு ஆண்டறிக்கை எண். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் வாதம்: இதை மேற்கோள் என்று ஏற்க முடியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு போகிறவர் ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கத்தைத்தான் பார்ப்பார். கல்வெட்டின் பாடம் அங்கே இல்லை. அதோடு அந்த ஒரு வாக்கியத்தில் கல்லில் இல்லாதவை மூன்று இருக்கின்றன. அடிக்குறிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் எழுதியவருக்கே அது தெரிந்திருக்கும்.

கல்தச்சன் | ஜூன் 4, மதியம்

மிகைப்படுத்துகிறீர்கள். ஆண்டறிக்கை எண் என்பது கல்வெட்டுக்கு ஆதார் எண் மாதிரி. 577/1920 என்றால் உலகத்தில் ஒரே ஒரு கல்வெட்டுதான். சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியே தன் அடிக்குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் வெறும் எண் போட்டுத்தானே எழுதினார்? அவருக்குச் சரி, நம் பிள்ளைகளுக்குத் தப்பா?

சுவடிமேசை | ஜூன் 4, மாலை

பாதி சரி. எண் அடையாளம் காட்டும், சந்தேகமில்லை. ஆனால் அது கல்லின் மேல் தாளை ஒற்றிப் படியெடுத்த மைப்படிக்கு விழுந்த எண். அந்த ஆண்டு எந்தக் கோயிலில் எத்தனை படி எடுத்தார்களோ அந்த வரிசையில் ஒன்று. பிறகு வேறோர் ஆண்டில் வேறு குழு வந்து அதே கல்வெட்டை மறுபடி படியெடுத்தால் இன்னொரு எண் விழும். ஒரே கல்லுக்கு இரண்டு எண் இருப்பது அபூர்வமில்லை. ஆதார் எண் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சாஸ்திரி விஷயம் வேறு. அவர் பல இடங்களில் வெறும் எண் போட்டதற்குக் காரணம், அப்போது அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி அச்சேறவில்லை. மைப்படியையோ அறிக்கையையோ நேரில் பார்த்து எழுதினார். நாம் அச்சான பாடத்தைப் படித்துவிட்டு அவர் பார்த்ததைப் பார்த்த மாதிரி எழுதுகிறோம். இந்த உடையார்குடிக் கல்வெட்டையே அவர்தான் பதிப்பித்தார்: கல்வெட்டுப் பாடங்களை வெளியிட்ட எபிகிராபியா இண்டிகா வரிசையின் 21ஆம் தொகுதி, எண் 27, பக்கம் 165இலிருந்து. பதிப்பு இருக்கும்போது எண்ணை மட்டும் போடுவது, பதிப்பைப் படிக்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாகும்.

பாதி ஆய்வேடு | ஜூன் 4, இரவு

நடுவில் ஒரு சந்தேகம். என் மேற்பார்வையாளர் "எந்தக் கல்வெட்டாக இருந்தாலும் முதலில் ரங்காச்சாரி பட்டியலில் தேடி அந்த எண்ணையும் போடு" என்கிறார். ஊர் வாரியாக மூன்று தொகுதி, வசதிதான். ஆனால் உடையார்குடியைத் தேடினேன், இந்தக் கல்வெட்டு அகப்படவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையா?

சுவடிமேசை | ஜூன் 5, காலை

ரங்காச்சாரி பட்டியல் அச்சானது 1919. கல்வெட்டு படியெடுக்கப்பட்டது 1920. இன்னும் நன்றாகத் தேடினாலும் கிடைக்காது!

1919க்கு முந்தைய எண்களுக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் வழிகாட்டியை ஆதாரமாகப் போடக்கூடாது. அதில் இருப்பது அறிக்கையின் சுருக்கத்தின் சுருக்கம். மன்னன் பெயர் அங்கே ஒரு விதமாகவும் பிற்பாடு வந்த பதிப்பில் வேறு விதமாகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். எண்ணில் உள்ள ஆண்டு, படியெடுத்த ஆண்டு. அறிக்கையின் முகப்பில் உள்ள ஆண்டும் அதுவும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். 1920 எண்ணைத் தேடுபவர் அதற்கு அடுத்த அறிக்கையையும் புரட்ட வேண்டும். 1930களுக்கு வந்தால் எண்ணே 1936-37 என்பது போல இரண்டு ஆண்டுகளைத் தாங்கி வரும். அங்கே "1936" என்று சுருக்கினால் கதை முடிந்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பாதி ஆய்வேடு | ஜூன் 5, மதியம்

அறிக்கை கிடைத்துவிட்டது. ஊர், கோயிலில் கல்வெட்டு இருக்கும் இடம், மன்னன், ஆட்சியாண்டு, மொழி என்று கட்டங்கள், கடைசியில் குறிப்பு. எல்லாம் ஆங்கிலம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று புரிந்துவிட்டது. இதில் கி.பி. ஆண்டு இல்லை. மற்ற இரண்டு?

சுவடிமேசை | ஜூன் 5, இரவு

கல்லில் இருப்பது இராசகேசரிவர்மர்க்கு யாண்டு இரண்டு. இராசராசன் என்ற பெயர் இல்லை. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள், ஆகவே இராசகேசரி என்றால் பலரில் ஒருவர். கொலை நடந்த பின் வரும் இராசகேசரி யார் என்று பார்த்து, இவர் முதலாம் இராசராசன்தான் என்று முடிவு செய்தது பதிப்பாசிரியர். நல்ல முடிவு. நானும் ஏற்கிறேன். ஆனால் அது கல்லின் வாக்குமூலம் ஆகாது.

988 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இராசராசன் அரியணை ஏறியது 985ஆம் ஆண்டின் நடுவில் என்று கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். இரண்டாம் ஆட்சியாண்டு 986-87இல் வரும். 985உடன் மூன்றைக் கூட்டிவிட்டாரோ என்னவோ.

மூன்றாவதுதான் எனக்கு வேடிக்கை. துரோகிகளின் பெயர் வரும் இடத்தில் "ஸோமன்" என்று வருகிறது, அதற்கப்புறம் சில எழுத்துகள் சிதைந்திருக்கின்றன, பிறகு தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராசன் என்று போகிறது. "சாம்பவன்" அந்த இடைவெளிக்குள் எப்படி நுழைந்தான்? கல்கியின் நாவலிலிருந்து. சிதைவு இருக்கிற இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டான். வெறும் 577/1920 அடிக்குறிப்பு இதைப் பிடிக்காது. பதிப்பையும் வரி எண்ணையும் போட வேண்டும் என்றிருந்தால், அந்த வரியைத் திறந்து பார்க்கும்போதே பெயர் உதிர்ந்திருக்கும்.

கல்தச்சன் | ஜூன் 6, காலை

சாம்பவன் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது அநியாயம்.

ஆனால் இராசராசன் விஷயத்தில் இவ்வளவு கறார் வேண்டுமா? எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒன்றை "இராசகேசரி, யாரென்று பதிப்பாசிரியர் கருதுகிறார்" என்று மென்று முழுங்கி எழுதினால் வாசகன் ஓடிவிடுவான்.

சுவடிமேசை | ஜூன் 6, காலை

கட்டுரையில் இராசராசன் என்றே எழுதுங்கள், யார் தடுத்தது? அடிக்குறிப்பில் கல்லில் உள்ளபடி "இராசகேசரி, ஆட்சியாண்டு 2" என்று இருக்கட்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 13ஆம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். இராசகேசரி கல்வெட்டுகளுக்கென்றே ஒரு தொகுதி. எந்த இராசகேசரி என்பது பல இடங்களில் எழுத்தமைதியையும் உள்ளே வரும் பெயர்களையும் வைத்துச் செய்த ஊகம்தான். நாளை ஒருவர் ஒரு கல்வெட்டை வேறு இராசகேசரிக்குத் தள்ளினால், "இராசராசன் 2" என்று மட்டும் குறித்து வைத்த அட்டவணை எல்லாம் சரியும். "இராசகேசரி 2" என்று குறித்தவருக்கு ஒரு நெடுவரிசையைத் திருத்தினால் போதும்.

ஏட்டுச்சுரைக்காய் | ஜூன் 6, மாலை

கல்லுக்காவது ஒரு எண்தான் தொல்லை. ஓலைப்பக்கம் வந்து பாருங்கள்.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் டி. எண், ஆர். எண் என்று இரண்டு வரிசை. டி. என்பது விளக்க அட்டவணை, ஆர். என்பது மூவாண்டு அட்டவணை. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் இரண்டு வேறு சுவடிகள் வந்து நிற்கும். நான் ஒரு கட்டுரையில் கண்ட எண்ணை நம்பிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வரலாற்றுக் கைபீது கேட்டேன், வைத்தியச் சுவடி வந்தது. நல்ல வைத்தியம்தான், மறுப்பதற்கில்லை.

அடுத்தது கட்டு. ஒரே கட்டில் நாலைந்து நூல் இருக்கும். விளக்க அட்டவணை நூலுக்குத்தான் எண் கொடுக்கும், கட்டுக்குக் கொடுக்காது. இரண்டாவது நூலின் பதிவில் "இன்ன எண்ணில் விவரித்த சுவடியின் இத்தனையாம் ஏட்டில் தொடங்குகிறது" என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் "ஏடு 3" என்று போட்டால், கட்டின் மூன்றாம் ஏடா, நூலின் மூன்றாம் ஏடா என்று யாருக்கும் தெரியாது. நான் இப்போது ஏட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணையே போடுகிறேன். எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், ஆகவே எண் உள்ள பக்கம் அ, மறுபக்கம் ஆ. "34ஆ, வரி 5" என்றால் கையை வைத்துக் காட்டிவிடலாம்.

கல்தச்சன் | ஜூன் 6, இரவு

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் டி. எண்தான், இணையத்திலேயே கிடைக்கிறது. நான் இரண்டு ஆகமச் சுவடிகளை அப்படித்தான் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய் | ஜூன் 6, இரவு

சென்னையின் டி. ஆங்கில D, புதுச்சேரியின் டி. ஆங்கில T. அங்கே அந்த எண் வரிசை காகிதத்தில் நாகரி எழுத்தில் பெயர்த்தெழுதிய படிகளுக்கு. ஓலைக்கு ஆர்.இ. என்று தொடங்கும் வேறு வரிசை. நீங்கள் பார்த்தது ஓலையைப் பார்த்து ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் எழுதிய படி. பயன்படுத்தலாம், தாராளமாக. ஆனால் "ஓலைச்சுவடி" என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். கிரந்த எழுத்திலிருந்து நாகரிக்குப் பெயர்க்கும்போது புகுந்த பிழையை மூலச்சுவடியின் தலையில் கட்டுவதாகிவிடும்.

சுவடிமேசை | ஜூன் 7, காலை

இதுதான் நான் கல்லுக்குச் சொன்னதும். கல், அதன் மைப்படி, அறிக்கைச் சுருக்கம், பதிப்புப் பாடம், பதிப்பிலிருந்து எவரோ தட்டச்சு செய்து ஏற்றிய பாடம்: இந்த ஐந்தில் நம் கண் எதில் பட்டதோ அதை எழுத வேண்டும்.

தெற்குத்தெரு | ஜூன் 7, மதியம்

ஐயா வணக்கம். எங்க தாத்தா வீட்டுப் பரண்ல ஓலைக் கட்டு ஒண்ணு இருக்கு. நிலம் வித்தது, ஒத்தி வெச்சது மாதிரி தெரியுது. இதுக்கு எண் வாங்கணும்னா எந்த ஆபீசுக்குப் போகணும்? எண் இருந்தாத்தான் செல்லும்னு இங்க பேசுறீங்க. பங்காளி வழக்குக்கு உதவுமா?

ஏட்டுச்சுரைக்காய் | ஜூன் 7, மாலை

வழக்கு விவகாரம் வக்கீலைக் கேளுங்கள், நாங்கள் பேசுவது ஆய்வுக் கட்டுரையில் எப்படிக் குறிப்பது என்று.

ஆனால் நல்ல கேள்வியைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். எண்ணில்லாத தனியார் ஓலையை எப்படிக் குறிப்பது? நான் செய்வது: யார் வசம் இருக்கிறது (அவர் சம்மதித்தால்), எந்த ஊர், மொத்தம் எத்தனை ஏடு, முதல் வரியும் கடைசி வரியும் உள்ளது உள்ளபடி, ஓலையில் காணும் நாள். "ஓலை 1, ஓலை 2" என்று நானே எண் கொடுத்தால் அது என் எண் என்று சொல்லிவிடுவேன். படமெடுத்து, கட்டுரையுடன் சேர்த்துவிடுவேன். கட்டைப் பிரித்துக் கழுவுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் வீட்டில் செய்யாதீர்கள். கயிற்றை உருவும் முன் ஏடு இருக்கும் வரிசையைப் படமெடுங்கள்.

நாள் பற்றி ஒன்று. நில ஓலைகளில் பெரும்பாலும் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும், பிலவ, சுபகிருது என்பது போல. அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ கூடவே இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் எந்தச் சுற்று என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை எழுதியாக வேண்டும்.

தெற்குத்தெரு | ஜூன் 7, இரவு

கொல்லம்னு ஒரு வார்த்தை இருக்கு. படம் போடுறேன். அம்மா வேப்பெண்ணெய் ஏற்கனவே தடவிட்டாங்க.

பாதி ஆய்வேடு | ஜூன் 8, காலை

எபிகிராபியா இண்டிகா 21ஐப் பார்த்துவிட்டேன். பாடத்தில் ஒரே அடைப்புக்குறி மயம். சதுரம், வளைவு, நட்சத்திரம். என் கட்டுரையில் இரண்டு வரி எடுத்துக்காட்ட வேண்டும். இவற்றை நீக்கிவிட்டு எழுதினால் படிக்க நன்றாக இருக்கிறது. நீக்கலாமா?

சுவடிமேசை | ஜூன் 8, காலை

நீக்கினால் சாம்பவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி.

இந்த வரிசைத் தொகுதிகளில் சதுர அடைப்புக்குள் வரும் எழுத்து சிதைந்தது அல்லது தெளிவில்லாதது, பதிப்பாசிரியர் இப்படித்தான் என்று படித்தது. நட்சத்திரத்துடன் வந்தால் கல்லிலேயே விடுபட்டது, அவர் சேர்த்தது. வளைவுக்குள் வருவது பெரும்பாலும் திருத்தம். இந்த மூன்றையும் ஒரே மாதிரி அழித்துவிட்டால், கல்வெட்டில் தெளிவாக இருக்கும் பெயரும் அவர் அனுமானித்த பெயரும் ஒரே நிறத்தில் வந்துவிடும். ஒவ்வொரு தொகுதியின் முன்பகுதியையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள், வழக்கம் சற்று மாறலாம்.

புள்ளி பற்றிக் கேட்பீர்கள். கல்லில் புள்ளி அநேகமாக இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. அச்சில் நாம் காண்பது பதிப்பாசிரியர் இட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை, நீங்கள் பதிப்பைத்தானே மேற்கோள் காட்டுகிறீர்கள். கிரந்த எழுத்தில் உள்ளதைத் தமிழெழுத்தாக்கினால் மட்டும் "எழுத்து என் மாற்றம்" என்று ஒரு சொல் சேருங்கள். நான் மேலே இராசகேசரி என்று எழுதியதும் அப்படித்தான், கல்லில் அது கிரந்தம்.

சுவடிமேசை | ஜூன் 8, மாலை

கட்டுரைக்காரருக்கு நான் எழுதி அனுப்பப்போகும் மாதிரி இது. கிழித்துத் தொங்கவிடுங்கள்.

உடையார்குடி (காட்டுமன்னார்கோயில்), அனந்தீசுவரர் கோயில். இராசகேசரிவர்மன், ஆட்சியாண்டு 2. பதிப்பாசிரியர் கருத்தில் முதலாம் இராசராசன், ஆகவே கி.பி. 986-87. கல்வெட்டு ஆண்டறிக்கை எண் 577/1920. பாடம்: கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி (பதி.), எபிகிராபியா இண்டிகா 21 (1931-32), எண் 27, பக். 165 முதல், வரி இன்னது. மைப்படி பார்க்கப்படவில்லை.

முதல் முறை இவ்வளவு. இரண்டாம் முறை முதல் "எ.இ. 21: 27, வரி இன்னது" போதும். சுவரில் எந்தப் பக்கம் என்பதை அறிக்கைக் கட்டத்திலிருந்து சேர்க்கலாம், கோயிலில் பல கல்வெட்டுகள் இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும்.

கல்தச்சன் | ஜூன் 8, இரவு

அடிக்குறிப்பா இது, கல்வெட்டே இதைவிடச் சிறியதாக இருக்கும் போலிருக்கிறதே. "மைப்படி பார்க்கப்படவில்லை" என்பது எதற்கு? பாவமன்னிப்பா? யாருமே பார்ப்பதில்லை. எல்லாக் கட்டுரையிலும் போட வேண்டியிருக்கும்.

ஏட்டுச்சுரைக்காய் | ஜூன் 8, இரவு

எனக்கு அந்த வரிதான் பிடித்தது. சிதைந்த இடத்தை வைத்து வாதம் கட்டுகிறவர் அதைப் போடட்டும். நிலத்தின் எல்லை, ஊர்ப்பெயர் போன்ற தெளிவான பகுதியை மட்டும் எடுத்தாள்பவருக்கு வேண்டியதில்லை.

எனக்கு இடறுவது வேறு. ஆண்டு 1931-32 என்பது தொகுதியின் ஆண்டு. அச்சாகி வெளிவந்த ஆண்டு வேறாக இருக்கும். எதைப் போடுவது? நூலகத்தில் இருப்பது மறுபதிப்பாக இருந்தால் மூன்றாவது ஆண்டு ஒன்றும் முகப்பில் இருக்கும்.

சுவடிமேசை | ஜூன் 9, காலை

தொகுதியின் ஆண்டு. தேடுபவர் அதை வைத்துத்தான் அலமாரியில் தேடுவார். யார் முதலில் படித்தார் என்பது உங்கள் வாதத்தில் முக்கியமானால் வெளிவந்த ஆண்டையும் போடுங்கள். மறுபதிப்பு படியொளிதான் என்றால் பக்க எண் மாறாது, ஒரு சொல் சேர்த்தால் போதும். புதிதாக அச்சுக்கோத்தது என்றால் எந்தப் பதிப்பு என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

மைப்படி வரியைக் கல்தச்சன் சொன்னதற்காக நீக்கமாட்டேன். ஏட்டுச்சுரைக்காய் சொன்ன மாதிரி, சிதைவை எடுத்தாளும் கட்டுரைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இன்னும் யோசிக்கிறேன். முன்பு மைப்படி பார்க்க மைசூருவுக்குப் போக வேண்டும் என்று சாக்குச் சொல்லலாம். தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது, இனி அந்தச் சாக்கும் பழசு.

பாதி ஆய்வேடு | ஜூன் 9, மதியம்

இணையத்தில் ஒரு தளத்தில் இதே கல்வெட்டின் முழுப்பாடம் இருக்கிறது. பதிப்புடன் ஒப்பிட்டேன். அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை, வரிப்பிரிப்பும் இல்லை. "ஸோமன்" அடுத்து இடைவெளியே விடாமல் ஓடுகிறது. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்றும் இல்லை. அறிக்கை எண் மட்டும் கீழே பெரிதாக இருக்கிறது.

கல்தச்சன் | ஜூன் 9, மதியம்

சரி, எண் மட்டும் போதாது. ஆனால் இரண்டாம் முறையிலிருந்து நான் 577/1920 என்றுதான் போடுவேன், எ.இ. 21: 27 என்று இல்லை. சோழர் கல்வெட்டு படிப்பவன் எவனுக்கும் அந்த எண்தான் மனப்பாடம்.

சுவடிமேசை | ஜூன் 9, இரவு

போடுங்கள், வரி எண் எந்தப் பதிப்பினுடையது என்று முதல் குறிப்பில் இருக்கும்வரை சண்டையில்லை. என் பத்திரிகைக்கு வந்தால் மாற்றுவேன்.

தெற்குத்தெரு, உங்கள் படத்தில் கொல்லம் என்பதற்குப் பின்னால் உள்ள எண் பாதி எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. சாய்வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.